மாமாவின் மாலை, மருமகனின் விடியற்காலை

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய தாய்மாமன் குவாதலூப் தீவில், புவாந்தாபித்ர் என்னும் பட்டணத்தில் வேலை பார்க்கிறார். அட்லாண்டிக் பெருங்கடலின் மேற்குக் கோடியில், கரீபியன் கடலின் வாசலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு அது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் 1848-ல் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆட்களைச் சேர்த்துக் கப்பல் ஏற்றினார்கள். குவாதலூப்புக்கு முதல் கப்பல் 1854 டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வாரிசுகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். நம் பையனின் மாமா அப்படிப் போனவர் அல்லர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தைச் சேர்ந்த அவர் சில ஆண்டுகளுக்கு முன் விமானத்தில் போனவர்.

சென்ற டிசம்பர் 24-ஆம் தேதி காலையில் அந்த வீட்டில் ஒரு சிறு கலவரம். பையனுடைய ஆயா, "உன் மாமனோடு பேசி ஒரு மாதம் ஆகிறது, போன் போட்டுக் கொடு" என்று கேட்டிருக்கிறார். மாமா மாலை ஆறரை மணிக்கு வீடு திரும்புவார்; ஏழு மணிக்குப் பேசுவதுதான் அவருக்கு வசதி. இரண்டு ஊருக்கும் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம் என்பது பையனுக்குத் தெரியும். ஏழிலிருந்து ஒன்பதரையைக் கழித்தான். காலை ஒன்பதரை மணி என்று விடை வந்தது. சரியாகக் காலை ஒன்பதரைக்குக் கைபேசியை எடுத்துக் கூப்பிட்டான்.

வெகு நேரம் மணி அடித்த பிறகு மாமா எடுத்தார். எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்னடா, அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்பதுதான். அங்கே நள்ளிரவு மணி பன்னிரண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு நடுநிசியில் ஊரிலிருந்து அழைப்பு வந்தால் மனம் என்ன நினைக்கும்? ஆயாவும் பதறிப்போனார். "ஒன்றுமில்லை, நீ தூங்குப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மாலை பையன் என்னிடம் வந்தான். "கணக்கில் தப்பு இல்லையே சார், எப்படித் தவறிப்போயிற்று?" என்று கேட்டான். அலமாரி மேலிருந்த உலக உருண்டையை இறக்கினேன்.

உருண்டையும் விளக்கும்

அறையை இருட்டாக்கி, ஒரு மேசை விளக்கை உருண்டையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, உருண்டையின் நடுப்பகுதி உயரத்தில் வைத்தோம். அதுதான் சூரியன். புதுச்சேரி இருக்கும் இடத்தில் ஒரு கடலை அளவு களிமண்ணை ஒட்டி, அதில் ஒரு தீக்குச்சியை நிறுத்தினோம். குவாதலூப்பில் இன்னொன்று. உருண்டையில் பாதிதான் வெளிச்சமாயிற்று. மறு பாதி இருட்டு. இரண்டுக்கும் நடுவே, வட துருவத்திலிருந்து தென் துருவம் வரை ஓர் எல்லை ஓடுவது தெரிந்தது.

"இப்போது பூமியைச் சுற்று" என்றேன். பையன் உருண்டையைச் சட்டென்று சுழற்றினான். எந்தப் பக்கம் சுற்றுவது என்று அவன் யோசிக்கவில்லை. அவனுடைய கணக்குத் தவறியதும் இதே இடத்தில்தான்.

"நில். கல்கத்தாவில் முதலில் விடியுமா, பம்பாயிலா?"

"கல்கத்தாவில்தான் சார். கிழக்கே இருக்கிறதே."

"அப்படியானால் உருண்டையிலும் கல்கத்தாதான் முதலில் வெளிச்சத்துக்குள் வர வேண்டும். உன் சுழற்சியில் வருகிறதா என்று பார்."

அவன் மெதுவாகச் சுற்றிப் பார்த்தான். பம்பாய் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது. திசை தவறு! எதிர்ப்பக்கமாகச் சுற்றினான். கல்கத்தா வந்தது, பிறகு பம்பாய், அரேபியா, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் கடல், கடைசியில் குவாதலூப். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. வட துருவத்தின் மேலிருந்து குனிந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. நீங்கள் உருண்டையைச் சுற்றும்போதும் இந்தக் கல்கத்தா-பம்பாய்ச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள், தவறவே தவறாது.

இப்போது பையனுக்கே ஒன்று விளங்கியது. புதுச்சேரித் தீக்குச்சி வெளிச்சத்துக்கு வந்து நெடுநேரம் கழித்துத்தான் குவாதலூப்புக்கு விடிகிறது. ஆகவே அங்கே எந்த மணி அடித்தாலும் அந்த மணி இங்கே முன்னமே அடித்து முடிந்திருக்கும். மாமாவின் மணியிலிருந்து நம் மணியைக் காண வேண்டுமானால் ஒன்பதரையைக் கூட்ட வேண்டும். பையன் கழித்துவிட்டான். மாலை ஏழுடன் ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டினால் பதினாறரை. அதாவது மறுநாள் விடியற்காலை நாலரை மணி!

"அப்படியென்றால் நாளை விடியற்காலை நாலரைக்குக் கூப்பிட்டால் மாமாவுக்கு இன்று மாலை ஏழா?" என்றான். அதேதான் என்றேன்.

ஒன்பதரை எங்கிருந்து வந்தது?

பூமி தன்னைத் தானே ஒரு முறை சுற்ற 24 மணி எடுத்துக்கொள்கிறது. சுற்றளவு 360 டிகிரி. எனவே ஒரு மணியில் 15 டிகிரி திரும்புகிறது. ஒரு டிகிரி திரும்ப 4 நிமிடம். இந்தக் கணக்கு ஒன்று போதும்.

புதுச்சேரியின் தீர்க்கரேகை கிழக்கு 79.8 டிகிரி. புவாந்தாபித்ர் மேற்கு 61.5 டிகிரி. ஒன்று கிரீன்விச்சுக்குக் கிழக்கே, மற்றது மேற்கே. ஆகவே இரண்டையும் கூட்ட வேண்டும்; 141.3 டிகிரி வருகிறது. இதை நான்கால் பெருக்கினால் 565 நிமிடம், அதாவது 9 மணி 25 நிமிடம்.

"கடிகாரம் ஒன்பதரை என்கிறதே சார், ஐந்து நிமிடம் எங்கே போயிற்று?" என்று பையன் விடவில்லை. நல்ல கேள்வி. நம் கைக்கடிகாரம் புதுச்சேரியின் சூரியனைக் காட்டுவதில்லை. 1906-லிருந்து இந்திய நிலையான நேரம், கிழக்கு 82.5 டிகிரித் தீர்க்கரேகைக்கு உரிய நேரம். அந்தக் கோடு அலகாபாத் பக்கமாகப் போகிறது. நமக்குக் கிழக்கே 2.7 டிகிரி. ஆகவே நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டிச் சுமார் 11 நிமிடம் ஆகியிருக்கும். குவாதலூப்பின் கடிகாரம் மேற்கு 60 டிகிரிக் கோட்டுக்கு உரியது. அங்கே சூரியன் சுமார் 6 நிமிடம் பிந்துகிறது. கடிகாரங்களின் கோடுகள் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 82.5 உடன் 60, மொத்தம் 142.5 டிகிரி. நான்கால் பெருக்கினால் 570 நிமிடம். சரியாக ஒன்பதரை மணி! சூரியன் சொல்லும் வித்தியாசம் 9 மணி 25 நிமிடம். அரசாங்கக் கடிகாரங்கள் சொல்லும் வித்தியாசம் 9 மணி 30 நிமிடம். இரண்டுமே சரிதான்.

இரண்டு ஜன்னலிலும் இருட்டு

மார்கழி மாதம் அல்லவா? கோலம் போட அவன் அம்மா நாலு மணிக்கே எழுந்துவிடுவார். மறுநாள் 25-ஆம் தேதி, நாலரை மணிக்குப் பையன் கூப்பிட்டான். மாமா முதல் மணியிலேயே எடுத்தார். ஆயா முகம் பார்த்துப் பேசினார். பையனோ மாமாவைக் கேட்டது, "ஜன்னலைக் காட்டுங்க மாமா" என்று. வெளியே இருட்டு. இவன் பக்கத்து ஜன்னலிலும் இருட்டு.

காலையில் அதையே கேட்டுக்கொண்டு வந்தான். "நமக்கு இரவென்றால் அவர்களுக்குப் பகல் என்றுதானே சார் படித்தோம்? இரண்டு பக்கமும் இருட்டாக இருந்ததே!"

மறுபடியும் உருண்டை. புதுச்சேரித் தீக்குச்சியை விளக்குக்கு நேரே நிறுத்தினால் நண்பகல். விடியற்காலை நாலரை என்பது நண்பகலுக்கு ஏழரை மணி முன்னால். மணிக்கு 15 டிகிரி வீதம் 112 டிகிரி பின்னுக்குத் திருப்பினோம். புதுச்சேரி இருட்டுக்குள் போயிற்று. விடியும் எல்லைக்கு இன்னும் 22 டிகிரி இருந்தது. அப்படியே குவாதலூப்பைப் பார்த்தோம். அதுவும் இருட்டில்தான், ஆனால் மறுபக்கத்து எல்லையை, அதாவது பொழுது சாயும் எல்லையைத் தாண்டிச் சுமார் 15 டிகிரிதான் உள்ளே போயிருந்தது. மாமா அப்போதுதான் இருட்டுக்குள் நுழைந்தவர். மருமகன் இருட்டைவிட்டு வெளியேறப் போகிறவன். ஒரே இரவின் இரண்டு ஓரங்களில் இருவரும் நின்றார்கள்.

இருட்டுப் பாதி 180 டிகிரி அகலம். இரண்டு ஊருக்கும் இடையே 141 டிகிரிதான். ஆகவே இரண்டும் சேர்ந்து இருட்டுக்குள் இருக்கச் சிறிது நேரம் கிடைக்கிறது. சரியாக 180 டிகிரி தள்ளியிருந்தால், பூமி சாயாமலும் இருந்தால், ஒருவரின் சூரியோதயம் மற்றவரின் அஸ்தமனமாக இருக்கும். "நமக்கு இரவென்றால் அவர்களுக்குப் பகல்" என்னும் வாக்கியம் அந்த ஒரு நிலைக்குத்தான் முழுவதும் பொருந்தும்.

கணக்கிட்டும் பார்த்தோம். டிசம்பர் 25-ல் குவாதலூப்பில் சூரியன் மாலை 5.41-க்கு மறைகிறது, நம் மணிக்கு அது விடியற்காலை 3.11. புதுச்சேரியில் சூரியன் எழுவது 6.28-க்கு. இடையில் மூன்றேகால் மணி நேரம் இரண்டு ஊரிலும் சூரியன் இல்லை. டிசம்பரில் வட துருவம் சூரியனைவிட்டு விலகிச் சாய்ந்திருப்பதால் இரண்டு ஊரிலும் இரவு பன்னிரண்டு மணியைவிடச் சற்று நீளம். அதனால்தான் இவ்வளவு நேரம் வந்தது. ஜூன் மாதத்தில் இது குறையும்.

கிறிஸ்துமஸ் யாருக்கு முதலில்?

மாமா போனில், "உங்களுக்குக் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது, எனக்கு இன்னும் வரவில்லை" என்று சொன்னாராம். ஒரே கணத்தில் பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கு எப்படி இரண்டு தேதி?

உருண்டையை அதே நிலையில் வைத்து, விளக்குக்கு நேர் பின்புறம் இருட்டின் நடுவில் ஓடும் கோட்டைப் பையனைத் தேடச் சொன்னேன். அதுதான் நள்ளிரவுக் கோடு. அந்த நேரத்தில் அது கிழக்கு 15 டிகிரியில், இத்தாலி, லிபியா வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டுக்குக் கிழக்கே இருக்கும் நமக்கு நள்ளிரவு வந்து போய்விட்டது, தேதி 25. மேற்கே இருக்கும் குவாதலூப்புக்கு நள்ளிரவு இன்னும் வரவில்லை, தேதி 24. விரலை புதுச்சேரியிலிருந்து மேற்காக நகர்த்தி அந்தக் கோட்டைத் தாண்டும்போது தேதியில் ஒன்று குறைகிறது. நள்ளிரவுக் கோடு நாள் முழுவதும் பூமியைச் சுற்றி மேற்காக நகர்ந்துகொண்டே இருக்கும். தேதி மாறும் இன்னோர் எல்லை நகராமல் பசிபிக் கடலில், ஏறத்தாழ 180 டிகிரியில் கிடக்கிறது.

1850-களில் கப்பலேறியவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா? பாய்க்கப்பல் பயணம் தொண்ணூறு நாள் என்று வைத்துக்கொள்வோம். 565 நிமிடத்தைத் தொண்ணூறால் வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 6 நிமிடம். மேற்கே போகப் போக ஒவ்வொரு நாளும் 24 மணி 6 நிமிடமாக நீண்டது. அதை யார் கவனித்திருக்க முடியும்? ஒன்பதரை மணி நேர வித்தியாசம் சிறுகச் சிறுகக் கடலில் கரைந்துபோயிற்று. விமானத்தில் போன மாமாவுக்கோ அது ஒரே பயணத்தில் வந்து சேர்ந்தது. முதல் வாரம் நடுப்பகலில் தூக்கம் வந்ததாக அவர் சொன்னது இதனால்தான்.

இரண்டு குச்சிகள், ஒரு தொலைபேசி

"இதெல்லாம் உருண்டை சொல்வது. உருண்டை பொய் சொல்லியிருந்தால்?" என்று பையனைக் கேட்டேன். புத்தகத்தைப் பார்க்காமல் அந்த 141 டிகிரியை நாமே அளந்துவிட முடியும். அதற்குத் தேவை இரண்டு ஊரிலும் ஒவ்வொரு குச்சி. மாமாவுக்கும் அன்று விடுமுறை. சம்மதித்தார்.

ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் சமதளமான தரையில் நட்டு, தூக்குக் குண்டு தொங்கவிட்டுச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். நிழல் மிகக் குறுகும் நேரம்தான் உச்சிப்பொழுது. ஆனால் அந்த நேரத்தை நேரடியாகப் பிடிக்கப் பார்த்தால் ஏமாந்துபோவோம். பையன் முதலில் அப்படித்தான் செய்தான். உச்சிப்பொழுதை ஒட்டி நிழல் நகர்கிறதே தவிர, நீளம் மாறுவதாகத் தெரியவில்லை. டிசம்பர் கடைசியில் நம் ஊரில் ஒரு மீட்டர்க் குச்சியின் உச்சிப்பொழுது நிழல் சுமார் 71 சென்டிமீட்டர். பத்து நிமிடம் கழித்து அது நீளுவது 2 மில்லிமீட்டர்தான்! நிழலின் ஓரமோ மங்கலாக அதைவிட அகலமாக இருக்கிறது.

நம் பழைய சோதிடர்களும் சிற்பிகளும் செய்த முறை வேறு. குச்சியை மையமாக வைத்துக் கயிற்றால் தரையில் ஒரு வட்டம் போட வேண்டும். முற்பகலில் நிழல் நுனி சுருங்கிக்கொண்டே வந்து வட்டத்தைத் தொடும். அந்த நேரத்தைக் குறிக்க வேண்டும். பிற்பகலில் நிழல் நீண்டு மறுபடியும் வட்டத்தைத் தொடும். அதையும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நடு நேரமே உச்சிப்பொழுது. அந்த வேளைகளில் நிழல் வேகமாக நீளம் மாறுவதால் நேரத்தைத் துல்லியமாகப் பிடிக்கலாம்.

பையனுடைய வட்டத்தை நிழல் தொட்டது காலை 10.22-க்கும் பிற்பகல் 1.59-க்கும். நடு நேரம் 12 மணி 10½ நிமிடம். குவாதலூப்பில் மாமா குறித்தது 10.19-உம் 1.53-உம். நடு நேரம் 12 மணி 6 நிமிடம். அந்த 12.06 நம் கடிகாரத்துக்கு எவ்வளவு? தொலைபேசியில் பேசும்போது இருவரும் கடிகாரங்களை ஒப்பிட்டுக்கொண்டார்கள். வித்தியாசம் சரியாக ஒன்பதரை மணி. ஆகவே மாமாவின் உச்சிப்பொழுது நம் மணிக்கு இரவு 9.36. இதிலிருந்து 12 மணி 10½ நிமிடத்தைக் கழித்தால் 9 மணி 25½ நிமிடம். அதாவது 565.5 நிமிடம். நான்கால் வகுத்தால் 141.4 டிகிரி. உருண்டை சொன்னது 141.3. பையன் துள்ளிக் குதித்தான்.

கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது என்று அவனிடம் சொன்னேன். நடு நேரத்தில் ஒரு நிமிடம் பிசகினால் கால் டிகிரி பிசகும். நம் ஊர் அட்சரேகையில் அது 27 கிலோமீட்டர். நெல்லித்தோப்பிலிருந்து கிளம்பித் திண்டிவனம் போகும் வழியில் முக்கால் தூரம்! இன்னொன்றையும் கவனியுங்கள். இருவரும் ஒரே நாளில் அளக்க வேண்டும். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இல்லை. அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. இதனால் உச்சிப்பொழுது பிப்ரவரியில் கடிகாரத்துக்கு 14 நிமிடம் பிந்தியும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தியும் வரும். ஒரே நாளில் அளந்தால் இந்த ஏற்றத்தாழ்வு இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் கழித்தலில் மறைந்துவிடும். ஏப்ரல், ஆகஸ்டு மாதங்களில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். சூரியன் நம் தலைக்கு நேரே வருவதால் நிழல் குச்சியின் அடியிலேயே ஒளிந்துகொள்ளும்.

தொலைபேசி இல்லாத காலத்தில்

இந்தச் சோதனையில் மிக அருமையான கருவி குச்சி அன்று, தொலைபேசிதான். இரண்டு ஊர்க் கடிகாரங்களையும் ஒரே கணத்தில் ஒப்பிட அது உதவியது. அது இல்லாத காலத்தில் வானத்தையே தொலைபேசியாக வைத்துக்கொண்டார்கள். சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் நிலவைத் தொடுவதை, நிலவு தெரியும் ஊர்கள் எல்லாம் ஒரே கணத்தில் பார்க்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் அப்போது உள்ளூர் மணி என்ன என்று குறித்து, பிறகு கடிதம் எழுதி ஒப்பிட்டால் தீர்க்கரேகை வித்தியாசம் கிடைத்துவிடும்.

வானத்தைப் பார்க்கவே நம் புதுச்சேரியில் ஒருவர் வந்து தங்கியிருந்தார். லெ ஜாந்தி என்னும் பிரெஞ்சு வானவியலார். சூரிய பிம்பத்தின் குறுக்கே வெள்ளிக் கோள் கடந்து செல்வதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க 1760-ல் பிரான்சிலிருந்து புறப்பட்டார். அவர் வந்து சேருமுன் ஆங்கிலேயர் நகரத்தைப் பிடித்துவிட்டார்கள். 1761 ஜூன் 6-ல் அந்த நிகழ்ச்சி நடந்தபோது அவர் நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்தார். வானம் தெளிவாக இருந்தும் பயனில்லை. தீர்க்கரேகையும் தெரியாது, ஊசல் கடிகாரமும் அங்கே ஓடாது. "எந்த மணிக்கு" என்று சொல்ல முடியாத காட்சி அவருக்கு உதவாமல் போயிற்று.

அடுத்தது எட்டு ஆண்டு கழித்து. அவர் ஊர் திரும்பாமல் காத்திருந்தார். 1768-ல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டைப் பகுதியில் ஒரு கூடம் அமைத்துக்கொண்டார். 1769 ஜூன் 4 விடியற்காலை, பல நாளாகத் தெளிவாக இருந்த வானத்தை மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி சூரியனைவிட்டு வெளியேறும் நேரம் ஏறத்தாழ ஏழு மணி. அது கழிந்த பிறகுதான் வெயில் வந்தது!

அதே நிகழ்ச்சியைப் பசிபிக் கடலில் டாஹிட்டித் தீவில் காப்டன் குக் தெளிவாகப் பார்த்தார். அவருடைய குறிப்பில் தேதி ஜூன் 3. வெள்ளி வெளியேறியது பிற்பகல் மூன்றரை மணியை ஒட்டி. லெ ஜாந்தியின் விடிந்த காலை, குக்கின் முந்தின நாள் பிற்பகல். டாஹிட்டி மேற்கு 149.5 டிகிரி. புதுச்சேரியின் 79.8-ஐக் கூட்டினால் 229.3, நான்கால் பெருக்கினால் 15 மணி 17 நிமிடம். மூன்றரையோடு அதைக் கூட்டிப் பாருங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நம் பையன் கூட்ட மறந்த அதே கணக்கு.

இப்போது அந்த வீட்டில் ஆயாவின் கட்டிலுக்கு மேலே ஓர் அட்டை தொங்குகிறது. "மாமா மணி + 9½ = நம் மணி. நள்ளிரவு பன்னிரண்டு தாண்டினால் மறுநாள்" என்று பையன் எழுதி வைத்திருக்கிறான். நடுநிசியில் மாமாவைப் பிறகு யாரும் எழுப்பவில்லை.

செய்து பாருங்கள்

1. குவாதலூப்பிலும் புதுச்சேரியிலும் ஒரே சமயத்தில் வெயில் அடிக்கும் நேரம் உண்டா? டிசம்பர் 25-ல் அங்கே சூரியோதயம் காலை 6.31, இங்கே அஸ்தமனம் மாலை 5.53. இதைக்கொண்டு கண்டுபிடியுங்கள்.

2. ரீயூனியன் தீவிலும் தமிழர் வாரிசுகள் இருக்கிறார்கள். அதன் தீர்க்கரேகை கிழக்கு 55.5 டிகிரி. அங்கே சூரியன் உச்சிக்கு வருவது நமக்கு எவ்வளவு நேரம் கழித்து? இங்கே கூட்ட வேண்டுமா, கழிக்க வேண்டுமா?

விடைகள்: 1. உண்டு. அங்கே 6.31 என்பது நம் மணிக்கு மாலை 4.01. அதிலிருந்து 5.53 வரை, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இரண்டு ஊரிலும் பகல். 2. இரண்டு ஊரும் கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பதால் கழிக்க வேண்டும். 79.8-லிருந்து 55.5 போக 24.3 டிகிரி. நான்கால் பெருக்கினால் 97 நிமிடம். அதாவது 1 மணி 37 நிமிடம்.